உயரம் குறையாத குழந்தைகள்

பல் மருத்துவம் படித்துவிட்டு பொது சுகாதார முதுகலைப் படிப்பான எம்.பி.எச். சேர்ந்தவர்களுக்கு ஒரு தனிப்பட்ட பதற்றம் உண்டு. பல்லைத் தாண்டியும் எனக்கு ஏதோ தெரியும் என்று காட்டிக்கொள்ளும் பதற்றம். முதல் செமஸ்டர் முடிந்து தீசிஸ் தலைப்பு கேட்டபோது நான் எழுதிக்கொடுத்தது இது: "தென்காசி மாவட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு: காரணங்களும் தீர்வுகளும்." சொந்த ஊர், பெரிய பிரச்சினை, அரசாங்கம் வெளியிட்ட புள்ளிவிவரம். வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

கைடு மேடம் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தென்காசிக்கு எண் எங்கேருந்து எடுப்பே?"

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பிலிருந்து என்றேன். ஐந்தாவது சுற்று, 2019-21. தமிழ்நாட்டில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் 25 சதவீதம், எடைக்குறைவு 22 சதவீதம், உயரத்துக்கேற்ற எடையில்லாத மெலிந்த குழந்தைகள் 14.6 சதவீதம். மனப்பாடமாக ஒப்பித்தேன். "அது மாநிலத்துக்கு. மாவட்டத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

போய்ப் பார்த்தேன். தென்காசி இல்லை. திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது 2019 நவம்பரில். கணக்கெடுப்புக்கு மாதிரி எடுத்ததோ 2017 மார்ச் நிலவரப்படி இருந்த மாவட்டங்களை வைத்து. அந்தக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள்தான். கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை எல்லாம் தென்காசி போலவே தாய் மாவட்டத்துக்குள் கரைந்து கிடக்கின்றன.

சரி, பழைய திருநெல்வேலியையே எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அடுத்த முட்டு. ஒரு மாவட்டத்தில் சுமார் 900 வீடுகளுக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைவு என்பதால், அத்தனை வீடுகளிலும் உயரம் அளக்கக் கிடைக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சில நூறு பேர்தான். 200 பிள்ளைகள் என்றே வைப்போம். 25 சதவீதம் என்று வந்தால், எளிய கணக்கிலேயே உண்மை 19-க்கும் 31-க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம். ஒரே தெருவில் பல வீடுகளை எடுப்பதால் இந்த இடைவெளி இன்னும் அகலும். இரண்டு சுற்றுகளுக்கு இடையே மாவட்ட எண் நான்கு புள்ளி இறங்கியது, ஐந்து புள்ளி ஏறியது என்று வரும் கட்டுரைகளில் பாதி இந்த இடைவெளிக்குள்தான் நடனமாடுகின்றன. முதல் தலைப்பு அன்றைக்கே செத்தது.

இரண்டாவது தலைப்பு கொஞ்சம் நாள் உயிரோடு இருந்தது. கணக்கெடுப்பு சிறிது, சரி. அங்கன்வாடிப் பதிவு பெரிதல்லவா? தமிழ்நாட்டில் 54,439 மையங்கள். மாதாமாதம் எடை, உயரம். 2021-லிருந்து நாடு முழுக்க போஷன் டிராக்கர் என்ற செயலியில் எல்லாம் ஏறுகிறது. மாதிரி எடுக்கும் பிரச்சினையே கிடையாது, எல்லாப் பிள்ளையும் உண்டு. ஒரு வட்டாரத்தின் மாதவாரி எடைக்குறைவு சதவீதத்தை வரைந்து, 2022 மே மாதம் தொடங்கிய "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்துக்கு முன், பின் என்று கோடு கிழித்தால் தீசிஸ் முடிந்தது. வைவாவில் என்ன புடவை கட்டலாம் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

மேடம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒரு மையத்தைக் கற்பனையாக எழுதினார். பதிவேட்டில் 40 பிள்ளைகள். அவர்களில் 4 பேர் எடைக்குறைவு. சதவீதம் 10. ஜூன் மாதம் தனியார் பள்ளி திறக்கிறது. மூன்று வயது தாண்டிய 8 பேரை அப்பா அம்மா எல்.கே.ஜி.யில் சேர்க்கிறார்கள். ஃபீஸ் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள், எட்டு பேருமே நல்ல எடை. இப்போது மையத்தில் அளப்பது 32 பேரை. எடைக்குறைவு அதே 4 பேர். சதவீதம் 12.5. "ஒரு பிள்ளைகூட மெலியலை. குறைபாடு கூடிடுச்சு. எப்படி?" என்றார்.

அப்புறம் அதே தாளில் கீழே எழுதினார். அந்த நான்கு பேரில் இரண்டு பேரின் குடும்பம் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போய்விடுகிறது. பதிவேட்டில் பெயர் இருக்கும், அளக்கும் நாளில் பிள்ளை இருக்காது. 30 பேரில் 2. கிட்டத்தட்ட 6.7 சதவீதம். திட்டம் ஒன்றைத் தொடங்கி வைத்திருந்தால் இதைவிட அழகான வெற்றி கிடையாது.

வகுப்பில் இதற்கு ஒரு பெயர் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெயரைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் சதவீதத்தின் கீழே இருக்கும் எண்ணுக்கும் கால் உண்டு, அது எல்.கே.ஜி.க்கும் சூளைக்கும் நடந்து போகும் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பொதுவெளியில் கிடைப்பதோ மொத்த எண்கள் மட்டும்: இவ்வளவு பேரை அளந்தோம், இத்தனை சதவீதம். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது அதில் கிடையாது. அது தெரியாமல் முன், பின் கோடு கிழிப்பதில் பொருளில்லை.

இன்னொரு சிக்கலையும் போகிற போக்கில் சொன்னார். மிக மெலிந்த பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எடை போட்டால், எதுவும் கொடுக்காவிட்டாலும் அவர்களில் ஒரு பகுதியினர் தேறியிருப்பார்கள். சிலர் அன்றைக்கு வயிற்றுப்போக்கில் இருந்திருப்பார்கள், சிலருக்குத் தராசு தவறாகக் காட்டியிருக்கும். பொறுக்கி எடுத்ததே அவர்களின் மிக மோசமான நாளில் என்பதால், அடுத்த நாள் பெரும்பாலும் மேலாகத்தான் இருக்கும். ஒப்பிட வேறு கூட்டம் இல்லாமல் அந்தத் தேர்ச்சியில் எவ்வளவு திட்டத்தால் வந்தது என்று பிரிக்க முடியாது. இரண்டாவது தலைப்பையும் அடக்கம் செய்தோம்.

அப்போது எனக்கு உண்மையிலேயே கோபம். "அப்ப இந்த எண்களை வச்சு எதுவுமே செய்ய முடியாதா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு வேலை கொடுத்தார். இந்தியா முழுமைக்கும் இரண்டு மூலங்களின் எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, எந்த இடத்தில் இடிக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

எழுதினேன். 2019-21 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உயரக்குறைவு 35.5 சதவீதம், எடைக்குறைவு 32.1, மெலிவு 19.3. போஷன் டிராக்கரின் 2024 ஜூன் மாத எண்கள் நாடாளுமன்றத்தில் கொடுத்த பதிலில் இருந்தன. சுமார் 8.57 கோடிப் பிள்ளைகளை அளந்ததில் உயரக்குறைவு 35 சதவீதம், எடைக்குறைவு 17, மெலிவு 5.

முதல் பார்வையில் உயரக்குறைவு இரண்டிலும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. சரி, அதையாவது நம்பலாம், உயரத்தை வைத்துத் தலைப்பு எடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த நிம்மதிதான் தவறு. அது ஏன் தவறு என்று கண்டுபிடித்ததுதான் கடைசியில் என் தீசிஸ் ஆனது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மூன்று குறியீடுகளும் வேறு வேறு பொருட்களால் ஆனவை. உயரக்குறைவுக்கு உயரமும் வயதும் வேண்டும். எடைக்குறைவுக்கு எடையும் வயதும். மெலிவுக்கு எடையும் உயரமும், அங்கே வயது வேண்டாம். ஆக ஒவ்வொரு அளவிலும் ஏற்படும் பிழை, மூன்றில் இரண்டைத் தொடும், ஒன்றை விட்டுவிடும். எந்த இரண்டு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் எந்த அளவு பிசகியது என்று ஊகிக்கலாம்.

உயரத்தைக் குறைத்து அளந்தால் என்ன ஆகும்? பிள்ளை முழங்காலை மடக்கி நிற்கிறது, குதிகால் பலகையில் ஒட்டவில்லை, தலை குனிந்திருக்கிறது. 2 செ.மீ. குறைகிறது. உயரக்குறைவு கூடும், அது புரிகிறது. ஆனால் மெலிவு குறையும். ஏனென்றால் மெலிவுக் கணக்கு, "இந்த உயரத்துக்கு இந்த எடை போதுமா" என்று கேட்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு செ.மீ. உயரத்துக்கு எதிர்பார்க்கும் எடை சுமார் 200 கிராம். 2 செ.மீ. குறைத்துப் போட்டால், கணக்கு அந்தப் பிள்ளையிடம் 400 கிராம் குறைவாகவே எதிர்பார்க்கும். மெலிந்த பிள்ளை ஒன்று குட்டையான, ஆனால் போதுமான எடையுள்ள பிள்ளையாக மாறிவிடும். எடைக்குறைவு மட்டும் அசையாது, அதற்கு உயரமே தெரியாது.

எடையைக் கூட்டிப் போட்டால்? சட்டை, செருப்போடு நிறுத்தினாலோ, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் நிறுத்தினாலோ எடைக்குறைவும் மெலிவும் சேர்ந்து இறங்கும். உயரக்குறைவு அசையாது.

வருகிற பிள்ளைகளே வேறு என்றால்? நோயாளிப் பிள்ளைகளும் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அளவுக்கு வராமல் போனால் மூன்றுமே இறங்க வேண்டும். உயரக்குறைவும் சேர்த்து.

இப்போது எண்களைத் திரும்பிப் பாருங்கள். எடைக்குறைவு பாதியாகிவிட்டது. மெலிவு நான்கில் ஒரு பங்கு. உயரக்குறைவு அப்படியே. நான்கைந்து ஆண்டுகளில் உண்மையிலேயே பிள்ளைகள் இவ்வளவு தேறியிருந்தால், உயரத்தில் ஒரு பொட்டுகூட மாற்றம் இல்லாமல் இருக்குமா? உயரம் மெதுவாகத்தான் மாறும் என்பது உண்மைதான். அதற்காக இவ்வளவு மெதுவாகவா? அளந்த வயதும் ஒன்றல்ல, கணக்கெடுப்பில் ஐந்து வயதுவரை, அங்கன்வாடியில் ஆறு வயதுவரை. அந்த ஒரு வயதை வைத்து இவ்வளவு பெரிய பள்ளத்தை நிரப்ப முடியாது.

உயரப் பிழை மட்டும் என்றால் எடைக்குறைவு பாதியானதை விளக்க முடியாது. எடைப் பிழை மட்டும் என்றால் எடைக்குறைவையும் மெலிவையும் விளக்கலாம். ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. அளவுக்கு வந்த பிள்ளைகள் சராசரியைவிடத் தேறியவர்கள், அதனால் மூன்றும் இறங்கின. கூடவே உயரத்தைக் குறைத்து அளந்திருக்கிறார்கள், அதனால் உயரக்குறைவு மட்டும் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது, மெலிவு இன்னும் ஒரு படி இறங்கிவிட்டது. இரண்டு பிழைகள் எதிரெதிராக இழுத்து, நடுவில் ஒரு சரியான எண் போலத் தெரிகிற எண்ணை நிறுத்தியிருக்கலாம். கணக்கெடுப்போடு ஒத்துப்போகிற ஒரே எண்தான் மூன்றிலும் மோசமாகப் பிசகிய எண்ணாகவும் இருக்கக்கூடும்.

இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்கலாமா என்று ஒரு வட்டார அளவில் சோதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கைக்கு அடக்கமான கேள்வியாக எனக்கு முதன்முதலில் வந்தது இதுதான்.

மேடத்திடம் போனேன். "இப்ப ஒரு பால்வாடிக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துட்டு வா. எதையும் எழுதாதே" என்றார்.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஓட்டுக் கட்டடம், சுவரில் கிளியும் ஆப்பிளும். டீச்சருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆயா பணியிடம் காலி, பக்கத்து மையத்து ஆயா வாரத்தில் இரண்டு நாள் வந்து சமைத்துவிட்டுப் போகிறார். நான் போனது அளவெடுக்கும் நாள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் படுக்கவைத்து இன்பான்டோமீட்டரில் நீளம் அளக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தலையைப் பலகையோடு பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்தி காலடிப் பலகையை நகர்த்த. டீச்சர் ஒருவராக இருந்தார். அழுகிற பதினெட்டு மாதப் பிள்ளையின் தலையை அம்மாவைப் பிடிக்கச் சொன்னார். அம்மா தலையைத் தடவிக்கொடுத்தாரே தவிர பிடிக்கவில்லை. வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். அடுத்து வந்த பிள்ளைக்கு டீச்சர் யோசிக்கவேயில்லை, சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டார்.

இதில் என்ன என்று தோன்றலாம். படுத்தால் ஒரு பிள்ளை, நின்றதைவிடச் சுமார் 0.7 செ.மீ. நீளமாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரநிலை இரண்டு வயதுவரை படுத்த நீளம், அதற்குமேல் நின்ற உயரம் என்று பிரிக்கிறது. எப்படி அளந்தோம் என்று சரியாகச் சொன்னால் கணக்கே 0.7-ஐக் கூட்டிக் கழித்துக்கொள்ளும். தவறாகச் சொன்னால் ஒரு பிள்ளை கோட்டின் மறுபக்கம் போய்விழும். அன்றைக்கு இரவு வீட்டில் ஆர் மொழியில் இதை ஓட்டிப் பார்த்தேன்.

```r
library(anthro)
anthro_zscores(sex = "m", age = 731, weight = 10.5,
               lenhei = 81.4, measure = "h")$zlen
anthro_zscores(sex = "m", age = 731, weight = 10.5,
               lenhei = 81.4, measure = "l")$zlen
```

731 நாள் வயதுள்ள ஆண் குழந்தை, 81.4 செ.மீ. அந்த வயதுக்கு நின்ற உயரத்தின் நடு எண் 87.1, கீழ் எல்லை, அதாவது நடு எண்ணிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் கீழே உள்ள -2 கோடு, 81.0. அதற்குக் கீழே போனால் உயரக்குறைவு. நின்று அளந்தது என்று சொன்னால் பிள்ளை கோட்டுக்கு மேலே. படுத்து அளந்தது என்று சொன்னால் கணக்கு 0.7-ஐக் கழிக்கிறது, 80.7 ஆகிறது, பிள்ளை கோட்டுக்குக் கீழே. ஒரே பிள்ளை, ஒரே எண், ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

திரும்ப பால்வாடிக்கு வருகிறேன். மதியம் பிள்ளைகள் தூங்கிய பிறகு டீச்சர் பதிவேட்டைக் காட்டினார். ஒரு பக்கத்துக்கு ஒரு பிள்ளை, மாதத்துக்கு ஒரு வரி. செயலியில் ஏற்றுவதற்கு முன் இதில்தான் எழுதுகிறார். நான் புரட்டிக்கொண்டே போனேன். 82.0, 82.5, 83.0, 83.5. அடுத்த பிள்ளை, 90.0, 90.5, 91.0. தசமத்துக்குப் பின் பூஜ்யமும் ஐந்தும்தான். பத்து இலக்கங்களும் சமமாக வந்தால் இவை இரண்டும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். இதை நான் எதிர்பார்த்தே போயிருந்தேன், எல்லாப் பாடநூலிலும் உள்ளது. எதிர்பார்க்காதது வேறு. எந்தப் பிள்ளைக்கும், எந்த மாதமும், உயரம் குறையவில்லை.

"உயரம் எப்படிக்கா குறையும்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பிள்ளை குறையாது. அளவு குறையும். இரண்டு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் ஒரு பிள்ளை சுமார் 9 செ.மீ. வளர்கிறது, மாதத்துக்கு 0.75 செ.மீ. நல்ல கருவி, நல்ல பயிற்சி இருந்தாலும் ஆடுகிற பிள்ளையை அளக்கும்போது ஒவ்வொரு தடவையும் அரை செ.மீ. வரை இப்படி அப்படிப் போவது சாதாரணம். திட்ட விலக்கம் அரை செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டு மாத அளவுகளின் வித்தியாசத்தில் அந்த ஆட்டம் சுமார் 0.7 செ.மீ. ஆகிவிடும். வளர்ச்சியும் ஆட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படியென்றால் நேர்மையாக அளந்த பதிவேட்டில், ஒரு மாத இடைவெளிகளில் சராசரியாக ஏழுக்கு ஒன்றில் பிள்ளை போன மாதத்தைவிடக் குட்டையாகியிருக்க வேண்டும். அப்படி ஒரு தடவைகூட ஆகாத பதிவேட்டில்தான் சந்தேகம் வர வேண்டும்.

டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். போன மாதத்தைவிடக் குறைவாக வந்தால் என்ன செய்வீர்கள் என்று. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். நான் ஆய்வுக்கு வந்த அதிகாரியா, படிக்கிற பிள்ளையா என்று எடை போட்டிருப்பார்.

"குறைஞ்சா மேலேருந்து கேள்வி வரும்மா. பிள்ளை எப்படிக் குறையும், ஒழுங்கா அளக்கத் தெரியாதான்னு கேப்பாங்க. அதான் பழைய அளவையே போட்டுருவேன். இல்லேன்னா அரை கூட்டிப் போட்டுருவேன். மாசம் அரை வளரும்னு எங்களுக்குத் தெரியும்லா."

அவர் பொய் எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. இயற்கையில் நடக்க வேண்டியதை அவர் எழுதுகிறார், தராசும் பலகையும் காட்டியதை அல்ல. ஆனால் அரை என்பது முக்காலைவிடக் குறைவு. மாதம் கால் செ.மீ. விட்டுப்போனால் ஓராண்டில் 3 செ.மீ. இரண்டு, மூன்று வயதில் 3 செ.மீ. என்பது கிட்டத்தட்ட ஒரு முழு திட்ட விலக்கம். உயரக்குறைவு கூடுவதற்கும் மெலிவு மறைவதற்கும் இது ஒன்றே போதும். நான் மேசையில் கண்டுபிடித்த எதிரெதிர் இழுப்பில் ஒரு கயிறு, அன்றைக்கு அந்த மேசையில் ரோல் நம்பர் போட்ட நோட்டில் கிடந்தது.

மேடத்திடம் சொன்னபோது அவர் 1980-க்குப் போய்விட்டார். உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு, ஏறியதும் நிறுத்தம். அங்கே எடை போட்டது, இந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க. அந்த முடிவுக்கு அரை கிலோ பிசகினாலும் அடுத்த மாதம் தெரிந்துவிடும். அதே அளவை மாநில சதவீதமாக்கி, மாவட்டத்தைத் தரவரிசைப்படுத்தி, கேள்வி கேட்கத் தொடங்கும்போதுதான் எழுதுபவர் கை நடுங்குகிறது. மேடம் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பும் உண்டு. அந்தக் காலத்துப் பதிவேடுகள் சுத்தமாக இருந்திருக்கும் என்று அவர் நம்புவது கொஞ்சம் பழைய பாசம். ஆனால் நோக்கம் மாறினால் எண்ணும் மாறும் என்பது சரி.

மூன்றாவது தலைப்பை எழுதினேன்: "ஒரு வட்டாரத்தின் அங்கன்வாடிப் பதிவேடுகளில் 24 முதல் 59 மாதக் குழந்தைகளின் உயர அளவீட்டுத் தரம்." தீர்வுகள் என்ற சொல் இல்லை, காரணங்கள் என்ற சொல்லும் இல்லை. வீட்டில் அம்மா படித்துவிட்டு, "இதுக்கா ரெண்டு வருஷம்?" என்றார்.

செய்யப்போவது மூன்றே வேலை. கடைசி இலக்கங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று எண்ணுவது. ஒரே பிள்ளையின் அடுத்தடுத்த மாதங்களில் உயரம் எத்தனை தடவை குறைந்திருக்கிறது, எத்தனை தடவை சரியாக அரை கூடியிருக்கிறது என்று எண்ணுவது. பிறகு சில மையங்களில் நாங்கள் இரண்டு பேர் போய், அதே வாரத்தில் அதே பிள்ளைகளை மறுபடி அளந்து பதிவேட்டோடு ஒப்பிடுவது. வயதைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. இங்கே பிரசவம் அநேகமாக எல்லாமே மருத்துவமனையில், பிறந்த தேதி அட்டையிலேயே இருக்கும்.

சினாப்சிஸில் திட்ட விலக்கத்தையும் சேர்த்திருந்தேன், அதைப் பற்றித்தான் கமிட்டியில் அதிகம் கேட்டார்கள். காரணம் நியாயமானது. வழக்கமாக, கவனக்குறைவாக அளந்தால் எண்கள் இரண்டு பக்கமும் சிதறும், நடு எண்ணிலிருந்து பிள்ளை எத்தனை திட்ட விலக்கம் தள்ளி என்று சொல்லும் உயர மதிப்பெண்ணின் விலக்கம் விரியும். உண்மையான சராசரி -1.3, விலக்கம் 1.1 என்றால் -2 கோட்டுக்குக் கீழே 26 சதவீதம், -3-க்குக் கீழே 6 சதவீதம். சராசரி அதேதான், சிதறலால் விலக்கம் மட்டும் 1.6 ஆனால் 33 சதவீதமும் 14 சதவீதமும். கடுமையான குறைபாடு இரண்டு மடங்குக்கு மேல், ஒரு பிள்ளையும் குட்டையாகாமல். ஆகவே கணக்கெடுப்பின் தரத்தைச் சோதிப்பவர்கள் விலக்கம் பெரிதாக இருந்தால் முகம் சுளிப்பார்கள். ஆனால் எங்கள் டீச்சரின் நோட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். அரை அரையாகக் கூட்டினால் சிதறலே இருக்காது. விலக்கம் அழகாக இருக்கும், சராசரி மட்டும் மெல்லக் கீழே நழுவும். விலக்கத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு இது மிகத் தரமான பதிவேடு. கமிட்டியில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப விலக்கம் எதுக்கு, தூக்கிடுங்க" என்றார். நான் தூக்கவில்லை. சில மையங்களில் ஒருவகைப் பிழையும் சிலவற்றில் மற்றதும் இருக்கும். எது எங்கே என்று பிரிக்க இரண்டும் வேண்டும்.

எதிக்ஸ் கமிட்டியில் வேறு விதமாக மாட்டினேன். மையங்களின் பெயர் வெளியே போனால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள். நான் அதை யோசிக்கவேயில்லை. அரை கூட்டிப் போட்டதாக என் அட்டவணையில் தெரிகிற டீச்சருக்கு மெமோ வந்தால்? மையத்துக்குப் பதில் எண், எண்ணுக்குச் சாவி என்னிடம் மட்டும், ஒரு மையத்தைத் தனித்துக் காட்டும் எந்த அட்டவணையும் கூடாது என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் அனுமதி வந்தது. பிள்ளைவாரிப் பதிவேட்டைப் பார்க்க எழுத்துபூர்வ அனுமதி தனி. அதற்கு எடுத்த மாதங்களில் இன்னொரு தலைப்பே எழுதி முடித்திருக்கலாம். இதைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் காலண்டரில் முதலில் அதற்கு இடம் விடுங்கள்.

இந்தத் தீசிஸால் தென்காசியில் எத்தனை பிள்ளைகள் குட்டை என்று சொல்ல முடியாது. நான்கில் ஒருவரா, ஐந்தில் ஒருவரா என்று யாராவது கேட்டால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். நாட்டின் மெலிவு எண்ணில் 5-க்கும் 19-க்கும் இடையே உள்ள பள்ளத்தையும் ஒரு வட்டாரத்தை வைத்து விளக்க முடியாது.

பயிற்சிக்காக மறு அளவெடுப்பை முதலில் அதே டீச்சரின் மையத்தில் வைத்துக்கொண்டேன். புதிய ஸ்டேடியோமீட்டர், தோழி ஒருத்தி எழுத, நான் அளக்க. குதிகால், பின்புறம், தோள், தலை நான்கும் பலகையில் ஒட்ட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளபடி செய்தேன். முதல் பையன் 83.9. நம்பிக்கைக்காகப் பத்து நிமிடம் கழித்து அவனையே மறுபடி நிறுத்தினேன். இந்தத் தடவை 83.2. தோழி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த டீச்சர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப நீங்க எதம்மா போடுவீங்க?"